தோசைக்கல் முதல் ரசப் பாத்திரம் வரை: பத்து வருடக் கணக்குப் போட்டு வாங்குவது எப்படி?

சென்னையில் முதல் முறையாகத் தனி வீடு எடுத்து, சமையலறையில் ஒரு கரண்டிகூட இல்லாமல் தொடங்குபவர்களுக்காக எழுதியது இது. கடையில் எல்லாப் பாத்திரத்திலும் விலை ஒட்டியிருக்கும். அதைப் பத்து வருடத்தில் எத்தனை முறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் அது எவ்வளவு எண்ணெயும் கேஸும் கேட்கும், உங்கள் வீட்டு அடுப்பும் தண்ணீரும் அதற்கு ஒத்துவருமா என்பதெல்லாம் எங்கும் ஒட்டியிருக்காது. பாத்திரத்தின் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. நான்ஸ்டிக், எவர்சில்வர், இரும்பு, அலுமினியம் நான்கையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். தோசைக்கல்லை மட்டும் முழுக் கணக்கோடு போட்டுக் காட்டுகிறோம். அது புரிந்துவிட்டால் மற்றவற்றுக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்ட தோராயமான எண்கள். கடைக்குப் போய் வந்ததும் உங்கள் பில்லில் உள்ள விலையை அந்த இடத்தில் போடுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயம்

முதலாவது அடுப்பு. கேஸ் மட்டுமா, இண்டக்‌ஷனும் உண்டா? வாடகை வீடுகளில் சிலிண்டர் இணைப்பு வரும்வரை இண்டக்‌ஷனில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இண்டக்‌ஷன் அடுப்பு சூடாக்காது. வெறும் அலுமினியம் அதில் வேலை செய்யாது. ஒற்றைத் தகட்டு எவர்சில்வரிலும் பல வேலை செய்யாமல் போகலாம். கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாரத்தில் என்னென்ன எத்தனை நாள் சமைப்பீர்கள் என்பது. தோசை நான்கு நாள், சாம்பார் ஐந்து நாள், வறுவல் மூன்று நாள் என்று உண்மையில் நடப்பதை எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுதினால் கணக்கு தப்பிவிடும்.

மூன்றாவது, பாத்திரம் தேய்ப்பது யார் என்பது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா கம்பி நாரும் சோப்புக் கட்டியும் வைத்துத்தான் தேய்ப்பார். நான்கு வீட்டு வேலை இருப்பவரிடம் வேறு எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அப்படியென்றால் நான்ஸ்டிக்கின் ஆயுளைப் பாதியாகக் குறைத்துக் கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் அதை மட்டும் நீங்களே கழுவ வேண்டும்.

நான்காவது தண்ணீர். மெட்ரோ தண்ணீரா, போர்த் தண்ணீரா? கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். அது எவர்சில்வரை என்ன செய்யும் என்பதை அந்த இடத்தில் சொல்கிறோம்.

2. கணக்குப் போடும் முறை

பத்து வருடத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட வேண்டியவை மூன்று:

- பாத்திரத்தின் விலை × பத்து வருடத்தில் வாங்க வேண்டிய எண்ணிக்கை
- அதற்கென்றே வாங்க வேண்டிய துணைப் பொருட்கள் (மரக் கரண்டி, மூடி, கேஸ்கெட் போன்றவை)
- மற்றதைவிட இது கூடுதலாகச் செலவழிக்கும் எண்ணெய், கேஸ்

மொத்தத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு வருடச் செலவு. காயலான் கடையில் போட்டால் கிடைக்கும் காசைக் கழிக்கலாம். ஆனால் அலுமினியத்தையும் கனமான எவர்சில்வரையும் தவிர மற்றவற்றில் அது பெரிய தொகை இல்லை. பூச்சு போட்ட நான்ஸ்டிக்கைப் பல கடைகளில் எடுத்துக்கொள்ளவே யோசிப்பார்கள்.

விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்க வேண்டாம். அது எல்லாவற்றுக்கும் ஏறும். அடிக்கடி மாற்ற வேண்டிய பாத்திரத்துக்கு அந்த ஏற்றம் பாதகம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

3. தோசைக்கல்: நான்ஸ்டிக்கா, இரும்பா?

நான்கு பேர் உள்ள வீடு. வாரத்துக்கு நான்கு நாள் தோசை. வருடத்துக்குச் சுமார் 200 முறை கல் அடுப்பில் ஏறும். ஒவ்வொரு முறையும் பத்து தோசை.

நான்ஸ்டிக் தவா 1,000 ரூபாய் என்று வைப்போம். இந்த அளவு உபயோகத்தில், கொஞ்சம் கவனமாக வைத்திருந்தால், பூச்சு இரண்டரை வருடம் நன்றாக இருக்கும். அப்படியானால் பத்து வருடத்தில் நான்கு தவா, 4,000 ரூபாய். கூடவே மரத்திலோ சிலிக்கானிலோ திருப்பி வேண்டும். இரண்டு வாங்க 300. மொத்தம் 4,300 ரூபாய்.

இரும்புக் கல் 1,200 ரூபாய். இரும்பில் செய்த தோசைத் திருப்பி 100. முதலில் பழக்குவதற்கும் அவ்வப்போது மீண்டும் பழக்குவதற்கும் எண்ணெய் 100. இனி கேஸ். இரண்டரைக் கிலோ இரும்புக் கல்லைத் தோசைச் சூட்டுக்குக் கொண்டுவர, அலுமினியத்தில் செய்த முக்கால் கிலோ நான்ஸ்டிக் தவாவைவிடக் கூடுதல் கேஸ் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் ஒரு முறைக்குச் சுமார் 4 கிராம்தான். வருடத்துக்கு 200 முறை என்றால் 800 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் இந்த 800 கிராமின் விலை ஏறத்தாழ 50 ரூபாய். பத்து வருடத்துக்கு 500. ஆக இரும்புக் கல்லின் மொத்தம் 1,900 ரூபாய்.

இதுவரை இரும்புக்கு 2,400 ரூபாய் லாபம். நான்ஸ்டிக் இதற்குச் சமமாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு தவாவும் ஆறு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும். வாரம் நான்கு நாள் தோசை சுடும் வீட்டில் அது நடக்காது. வாரம் ஒரு முறை மட்டும் சுடும் வீட்டில் நடக்கலாம்.

பெரும்பாலோர் கணக்கை இங்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் எண்ணெய்தான் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடும் செலவு.

நன்றாகப் பழகிய இரும்புக் கல்லுக்கு, வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு இரண்டு மூன்று தோசைக்கு ஒருமுறை தேய்த்தால் போதும். ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி, வருடத்துக்கு அரை லிட்டர். லிட்டர் 400 ரூபாய் நல்லெண்ணெய் என்றால் வருடம் 200 ரூபாய், பத்து வருடத்துக்கு 2,000. தோசையைச் சுற்றி ருசிக்காக எண்ணெய் விடும் வீட்டில் இந்தச் செலவைச் சேர்க்க வேண்டாம். எந்தக் கல்லாக இருந்தாலும் அது போகத்தான் போகிறது. எண்ணெயே இல்லாமல் தோசை வேண்டும் என்ற வீடாக இருந்தால் சேர்க்க வேண்டும். அப்போது இரும்பு 3,900, நான்ஸ்டிக் 4,300. கிட்டத்தட்டச் சமம்.

பழகாத கல்லில் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒட்டாமல் எடுக்க ஒவ்வொரு தோசைக்கும் 2 மில்லி கூடுதலாக விடுவீர்கள். வருடத்துக்கு 2,000 தோசை, 4 லிட்டர், 1,600 ரூபாய். பத்து வருடத்தில் 16,000. நான்ஸ்டிக்கைப் போல நான்கு மடங்கு. இரும்புக் கல் மலிவு என்பது அது பழகியிருந்தால் மட்டுமே உண்மை. அதனால்தான் அடுத்த பகுதியை நீளமாக எழுதியிருக்கிறோம்.

4. இரும்புக் கல்லைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

‘இரும்பு தோசைக்கல்’ என்று கேட்டால் கடையில் இரண்டு வகையை எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று வார்ப்பிரும்பு: அச்சில் ஊற்றிச் செய்தது, கனமானது, மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், கைப்பிடியும் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வந்திருக்கும். இன்னொன்று தகட்டு இரும்பு: தகட்டை வெட்டிச் செய்தது, வழவழப்பானது, கைப்பிடியை ஆணியடித்தோ பற்றவைத்தோ பொருத்தியிருப்பார்கள். வார்ப்புக் கல் சூட்டை நீண்ட நேரம் பிடித்து வைக்கும். அடுத்தடுத்து பத்து தோசைக்கு ஒரே நிறம் வரும். ஆனால் டைல்ஸ் தரையில் விழுந்தால் உடையும். தகட்டுக் கல் உடையாது. அதிகச் சூட்டில் நெளியும். கை வலி உள்ளவர்கள், தூக்கிக் கழுவச் சிரமப்படுபவர்கள் தகட்டுக் கல் வாங்குவதே நல்லது. தூக்க முடியாத கல் பரணுக்குப் போய்விட்டால் அதன் விலை முழுவதும் நட்டம்.

கடையில் மூன்று சோதனை செய்யுங்கள். கல்லைச் சமமான மேசையில் வைத்து ஓரங்களை மாற்றி மாற்றி அழுத்துங்கள்; ஆடினால் வேண்டாம், இண்டக்‌ஷனுக்கு நிச்சயமாக வேண்டாம். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் சரி, பொத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம். பிறகு அளவு. உங்கள் அடுப்பின் பர்னர் சிறியதாக இருந்து கல் 12 அங்குலம் என்றால், நடுவில் கருகும்போது ஓரம் வெள்ளையாகவே இருக்கும். அடுப்பின் பெரிய பர்னரை அளந்துகொண்டு போங்கள். இண்டக்‌ஷனிலும் சூடாவது நடுப்பகுதிதான்; அதற்கு 10 அங்குலம் போதும்.

பழக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் நாள், வெந்நீரும் சோப்பும் போட்டுக் கம்பி நாரால் அழுத்தித் தேயுங்கள். துரு பிடிக்காமலிருக்கக் கடைக்காரர் தடவிய எண்ணெயும் மெழுகும் கறுப்பும் போக வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வரக் கூடாது. புதுக் கல்லைக் கம்பி நாரால் தேய்க்கலாம். பழகிய கல்லைத் தேய்க்கக் கூடாது.

இரண்டாம், மூன்றாம் நாள், வடித்த கஞ்சியிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவுங்கள். மிச்சமிருக்கும் இரும்புத் தூளும் வாடையும் இதில் போகும். கல் பழகுவது இதனால் என்று பலர் நினைத்து இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பழக்குவது எண்ணெயும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை. அது இனிமேல்தான் வருகிறது.

நான்காம் நாளிலிருந்து எண்ணெய். கல்லை அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகவிடுங்கள். அணைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயை இருபுறமும், கைப்பிடியிலும் தடவுங்கள். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால், தெரியாமல் தடவிவிட்டதைத் துடைப்பதுபோல் முழுவதையும் துடைத்தெடுங்கள். கண்ணுக்கு மினுமினுப்பு மட்டும் தெரிய வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு, நடுத்தரத் தீயில் புகை கிளம்பும்வரை வைத்து, புகை வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அணைத்துத் தானாக ஆறவிடுங்கள். இது ஒரு சுற்று. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, மூன்று நாள். சூட்டில் எண்ணெய் இறுகி வார்னிஷ்போல் ஒரு படலமாகிறது. ஆறு மெல்லிய படலம் சேர்ந்ததுதான் பழகிய கல்.

எண்ணெயை அதிகமாகத் தடவினால் அது இறுகாமல் பாகுபோல் நின்றுவிடும். ஆறிய கல்லில் விரல் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான் அடையாளம். அதன்மேல் இன்னொரு சுற்று போடாதீர்கள். சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு அந்தச் சுற்றைத் திரும்பச் செய்யுங்கள்.

ஏழாம் நாள், ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கி இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கல் முழுவதும் படும்படி பொன்னிறமாக வதக்கி எடுங்கள். அடுத்து ஊத்தப்பமோ அடையோ நான்கைந்து ஊற்றுங்கள். தடிமனான மாவு எளிதில் கிளம்பும். அதன் பிறகு மெல்லிய தோசை. முதல் இரண்டு மூன்று ஒட்டினால் கவலைப்பட வேண்டாம்; கல் அளவுக்கு மேல் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தெளித்ததும் துளிகள் ஆவியாகாமல் முத்துப்போல் உருண்டு ஓடினால் சூடு அதிகம். சொய்யென்ற சத்தத்தோடு ஆவியாகி அடங்கினால் சரியான சூடு. ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு மாவை ஊற்றலாம்.

பழகிய கல்லைக் கெடுப்பவை நான்கு. அதே கல்லில் சப்பாத்தி போடுவது: எண்ணெய் இல்லாத அதிகச் சூட்டில் படலம் எரிந்துபோகும், உதிர்ந்த மாவு கருகி ஒட்டும். சப்பாத்திக்குத் தனிக் கல் வையுங்கள். 400 ரூபாய்த் தகட்டுக் கல் போதும். புளியோ தக்காளியோ போட்டு வதக்குவது படலத்தைக் கரைக்கும். கழுவிவிட்டு ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் சென்னைக் காற்றுக்கு மறுநாள் காலையே செந்நிறத் துரு தெரியும்; கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். கடைசியாக, சூடான வார்ப்புக் கல்லில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் விரிசல் விடும். தெளிப்பது வேறு, ஊற்றுவது வேறு.

துரு வந்துவிட்டால் கல்லைத் தூக்கிப் போடாதீர்கள். கல்லுப்பு போட்டுத் தேய்த்து, கழுவி, மூன்று சுற்று எண்ணெய் போட்டால் திரும்பிவிடும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் வீடு பூட்டியிருக்கப் போகிறதென்றால் எண்ணெய் தடவி செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

5. புளி சேரும் எதற்கும் எவர்சில்வர், ஆனால் எல்லாமே மூன்றடுக்கு வேண்டாம்

சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு எல்லாமே புளிப்பானவை. இவற்றுக்கு எவர்சில்வர்தான் சரி. அதில் மூன்று வகை உண்டு. ஒற்றைத் தகடு, அடியில் மட்டும் அலுமினியத் தட்டு வைத்து மூடிய கன அடிப் பாத்திரம், விளிம்புவரை மூன்று அடுக்காகச் செய்த ட்ரிப்ளை. எவர்சில்வர் சூட்டைப் பரப்பாத உலோகம். தீ படும் இடம் மட்டும் கொதித்து அங்கே அடிப்பிடிக்கும். நடுவில் உள்ள அலுமினியம் அதைச் சரிசெய்கிறது.

ஆனால் தண்ணீராக இருக்கும் பொருள் தானாகவே சூட்டைப் பரப்பிக்கொள்ளும். ரசத்துக்கும் வெந்நீருக்கும் 500 ரூபாய் ஒற்றைத் தகட்டுப் பாத்திரமே இருபது வருடம் உழைக்கும். அதில் ட்ரிப்ளைக்குக் கொடுக்கும் 2,500 ரூபாய் வீண். பருப்பு சேர்ந்த கெட்டிச் சாம்பாருக்கும் பாலுக்கும் கன அடி வேண்டும். வதக்கவும் வறுக்கவும் வாங்கும் கடாய்க்கு மட்டும் ட்ரிப்ளைக்குச் செலவழியுங்கள். அங்கே பக்கச் சுவர்வரை சூடு வேண்டும். 2,500 ரூபாய்க் கடாய் இருபது வருடம் என்றால் வருடத்துக்கு 125 ரூபாய். 900 ரூபாய் நான்ஸ்டிக் கடாயை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு 300.

கடாயில் ஒட்டுகிறது என்பதே எல்லோருடைய குறையும். காலிக் கடாயை நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது பரவிக் கொதித்தால் இன்னும் சூடு போதாது. முத்துப்போல் உருண்டு ஓடினால் சரி. அப்போது எண்ணெய் விட்டு, பிறகு காய்கறியைப் போடுங்கள். உருளைக்கிழங்கு வறுவலை முதல் மூன்று நிமிடம் கிளறாமல் விட்டால் தானே விட்டுக்கொடுக்கும்.

காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்று கடையிலேயே சொல்வார்கள். அது தவறு. நல்ல ட்ரிப்ளையின் வெளிப்புறத்தை இண்டக்‌ஷனுக்காகக் காந்தம் ஒட்டும் 430 வகையில்தான் செய்கிறார்கள். உணவு படும் உட்புறம் 304 ஆக இருக்கிறதா என்பதே கேள்வி. மலிவான 202 வகையும் 304 போலவே காந்தத்தில் ஒட்டாது. அதனால் காந்தத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெட்டியிலும் பாத்திரத்தின் அடியிலும் 304 அல்லது 18/8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் எழுதாமல் எடைக்கு விற்கும் பாத்திரத்தைத் தண்ணீர் பிடிக்கவும் அரிசி களையவும் வாங்கலாம். புளிக்குழம்பை அதில் இரவு முழுவதும் வைக்காதீர்கள்.

உப்பு எவர்சில்வருக்கு எதிரி. குளிர்ந்த தண்ணீரில் உப்பைப் போட்டு அடுப்பில் வைத்தால் அது அடியில் படிந்து ஊசிமுனை அளவு குழிகளை அரித்துவிடும். கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். போர்த் தண்ணீர் வீடுகளில் பாத்திரத்தை இரவெல்லாம் ஊறவிட்டால் பழுப்புப் புள்ளிகள் வருவதும் இதனால்தான். வெள்ளைப் படிவு மட்டும் என்றால் பிழிந்த புளிச் சக்கையால் தேய்த்தால் போய்விடும்.

6. அலுமினியத்துக்கு லாபமான இடம்

அலுமினியம் சூட்டை எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். எடை மூன்றில் ஒரு பங்கு. இட்லிப் பானைக்கும், பூரி, வடை பொரிக்கும் வாணலிக்கும் இதைவிட மலிவாக எதுவும் கிடையாது. 600 ரூபாய் இட்லிப் பானை பத்து வருடம் வரும், கடைசியில் காயலான் கடையிலும் காசு கிடைக்கும்.

புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் எதையும் இதில் கொதிக்கவிடாதீர்கள். சமைத்ததை இதிலேயே வைக்கவும் வேண்டாம். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். இட்லிப் பானையின் உட்புறம் கறுப்பது தண்ணீரிலுள்ள உப்புகளால்; அது பழுதில்லை. பளபளப்பாக வேண்டுமென்று சோடா உப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் கறுக்கும். விளிம்பு நெளிந்து மூடி உட்காராமல் போனால் ஆவி வீணாகி கேஸ் செலவு கூடும். பானையை மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

7. நான்ஸ்டிக் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

முட்டை, ஆப்பம், எண்ணெய் குறைத்த சமையல் இவற்றுக்கு அது உண்மையிலேயே வசதி. ஒரே ஒரு சிறிய ஆப்பச் சட்டியோ தவாவோ வாங்குங்கள். முழு செட் வேண்டாம். தள்ளுபடியில் வரும் ஐந்து பாத்திர செட்டில் இரண்டைத்தான் தினமும் எடுப்பீர்கள். அந்த இரண்டும் போன பிறகு மற்ற மூன்றும் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும்.

காலியாகப் பெரிய தீயில் வைக்காதீர்கள். 260 டிகிரிக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும். காலித் தவா சில நிமிடங்களில் அந்தச் சூட்டை எட்டிவிடும். அந்தப் புகை வீட்டில் வளர்க்கும் கிளி, லவ் பேர்ட்ஸ் போன்ற பறவைகளைக் கொன்றுவிடும். சூடாக இருக்கும்போது குழாயடியில் நீட்டினால் அடி வளைந்துவிடும். பிறகு எண்ணெய் ஓரத்துக்கு ஓடும். பூச்சு உரிந்து வெள்ளை உலோகம் தெரிந்தாலோ, செதில் செதிலாக வந்தாலோ அன்றோடு நிறுத்துங்கள். நிறம் மட்டும் மாறி ஒட்டாமல் வந்தால் இன்னும் காலம் இருக்கிறது.

‘பி.எஃப்.ஓ.ஏ இல்லாதது’ என்ற வாசகத்துக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். அது தயாரிப்பில் முன்பு பயன்பட்ட ஒரு ரசாயனத்தைப் பற்றியது. தவாவில் இருக்கும் பூச்சு பெரும்பாலும் அதே வகைதான், அதே சூட்டில்தான் கெடும்.

8. பில், முத்திரை, வாரண்டி

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் உத்தரவை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. எவர்சில்வருக்கு IS 14756, அலுமினியத்துக்கு IS 1660, பிரஷர் குக்கருக்கு IS 2347 என்ற எண் முத்திரையின் மேல் இருக்கும். கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். `BIS Care` செயலியில் அந்த எண்ணைக் கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரும் பொருளும் பெட்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

பில்லில் ‘பாத்திரம் 1’ என்று எழுதித் தருவார்கள். அதை ஏற்காதீர்கள். பொருளின் பெயர், மாடல், தேதி மூன்றும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே வாங்கிவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும். அன்றே போனில் படமெடுத்து வையுங்கள்.

நான்ஸ்டிக் வாரண்டியில் பெரும்பாலும் தயாரிப்புக் குறை மட்டுமே அடங்கும். கீறல், அதிகச் சூடு, இரும்புக் கரண்டி பட்டது எல்லாவற்றையும் விலக்கியிருப்பார்கள். பூச்சு கொப்புளம்போல் எழும்பினால் அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். மேலும் சமைக்காமல், தேய்க்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு.

9. எதை எப்போது வாங்குவது

குடிபோகும் தேதிக்குப் பத்து நாள் முன்பே இரும்புக் கல்லை வாங்கிவிடுங்கள். பழக்க ஒரு வாரம் வேண்டும் என்பதை மறந்து, குடிபோன மறுநாள் காலை மாவோடு நிற்பவர்கள்தான் அவசரத்தில் நான்ஸ்டிக் வாங்குகிறார்கள். பால் காய்ச்சும் நாளுக்குக் கன அடி எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. அதுவே பிறகு சாம்பாருக்கும் ஆகும். பாலை ஊற்றும் முன் ஒரு கை தண்ணீர் விட்டு அலசி, அந்த ஈரத்தோடு ஊற்றினால் அடிப்பிடிப்பது குறையும்.

முதல் வாரத்துக்கு இந்த இரண்டும், ரசத்துக்கு ஒற்றைத் தகட்டுப் பாத்திரமும், ஒரு குக்கரும் போதும். ட்ரிப்ளை கடாய்க்கு ஆடித் தள்ளுபடி வரையோ தீபாவளி வரையோ காத்திருக்கலாம். பழைய பாத்திரத்துக்கு மாற்று என்று விளம்பரம் செய்யும் நாட்களில், முதலில் பழையதைக் காட்டாமல் புதியதன் விலையைக் கேட்டுவிடுங்கள். அதன் பிறகு பழையதை எடுங்கள். எடைபோடும்போது கைப்பிடியும் மூடியும் சேர்த்து எடை போடுகிறார்களா என்று பாருங்கள். தி.நகர் ரங்கநாதன் தெருப் பக்கம் போவதென்றால் வார நாளில் காலை கடை திறந்ததும் போங்கள். சனி, ஞாயிறு மாலைக் கூட்டத்தில் கல்லை மேசையில் வைத்து ஆட்டிப் பார்க்கவும், தட்டிக் கேட்கவும் இடமே கிடைக்காது.